நியமனக் கடிதத்துக்கான பதில்: சிரேஷ்ட கணக்காளர் பதவியின் சம்பளம் குறித்து

வெள்ளவத்தை,
கொழும்பு 06.
2025 ஒக்டோபர் 14

முகாமைப் பணிப்பாளர் அவர்கள்,
தலைமை அலுவலகம்,
புறக்கோட்டை, கொழும்பு 11.

மதிப்பிற்குரிய ஐயா,

ஒக்டோபர் 9ஆம் திகதியிட்ட தங்கள் நியமனக் கடிதம் கிடைத்தது. மிக்க நன்றி. அன்று மாலையே அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். தங்கள் நிறுவனத்தில் சேர வேண்டும் என்பதே என் விருப்பம். கையொப்பமிடுவதற்கு முன் சம்பளத்தைப் பற்றி மட்டும் தங்களோடு மனந்திறந்து பேச வேண்டியிருப்பதால் இதை எழுதுகிறேன்.

தாங்கள் குறிப்பிட்டிருக்கும் மொத்தச் சம்பளம் மாதம் 210,000 ரூபாய். அதில் அடிப்படைச் சம்பளம் 120,000, போக்குவரத்துக் கொடுப்பனவு 60,000, ஏனைய கொடுப்பனவுகள் 30,000. நான் இப்போது பெறுவது 185,000. ஆனால் அதில் 140,000 அடிப்படைச் சம்பளம். மொத்தத்தில் 25,000 கூடுகிறது, அடிப்படையில் 20,000 குறைகிறது. எனக்கு இடறுவது இந்த இடம்தான்.

ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் அடிப்படைச் சம்பளத்தின் மீதே கணக்கிடப்படும் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. நிறுவனத்தின் பங்கான 12 சதவீதம் இப்போது எனக்கு மாதம் 16,800 ரூபாயாகச் சேர்கிறது. தங்களிடம் வந்தால் அது 14,400 ஆகிவிடும். பணிக்கொடையும் அப்படித்தான். ஐந்து ஆண்டு நிறைந்த பின்னரே அது கிடைக்கும், ஆண்டுக்கு அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில். இப்போதிருக்கும் இடத்தில் எனக்கு ஆறு ஆண்டுகள் முடிந்துவிட்டன. அந்தக் கணக்கை மூடிவிட்டு முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்க நான் ஆயத்தமாகவே இருக்கிறேன். ஆனால் இருப்பதைவிடச் சிறிய அடிப்படையில் தொடங்க என்னால் இயலாது. பத்து ஆண்டுகளாவது தங்களிடம் இருக்கும் எண்ணத்தோடு வருகிறேன். நீண்ட காலம் இருக்க வருகிறவருக்கு அடிப்படைச் சம்பளம்தான் சம்பளம்.

அதனால் நான் கேட்பது இதுதான்: அடிப்படைச் சம்பளம் 165,000, போக்குவரத்துக் கொடுப்பனவு 45,000, ஏனைய கொடுப்பனவுகள் 30,000, மொத்தம் 240,000 ரூபாய்.

போக்குவரத்துக்குத் தாங்கள் ஒதுக்கிய தொகை தாராளமானது. கார் வைத்திருப்பவரை எண்ணி ஒதுக்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நான் வெள்ளவத்தையில் கரையோர ரயில் ஏறிக் கோட்டையில் இறங்கி நடந்து வந்துவிடுவேன். ரயில் தவறினால் காலி வீதியில் 100ஆம் இலக்க பஸ் இருக்கிறது. ஆகவே அதில் ஒரு பகுதியை அடிப்படைக்கு மாற்றுவதில் எனக்கு இழப்பு எதுவும் இல்லை.

இந்த மாற்றத்தால் நிறுவனத்துக்கு ஆகும் செலவையும் நானே சொல்லிவிடுகிறேன். தங்கள் கடிதத்தின்படி, இரண்டு நிதிகளுக்குமான 15 சதவீதத்தையும் சேர்த்தால் மாதம் 228,000 ரூபாய். என் கோரிக்கையின்படி 264,750. வேறுபாடு 36,750 ரூபாய். இது சிறு தொகை அல்ல என்பதை அறிந்தே கேட்கிறேன்.

கேட்பதற்குக் காரணம் உண்டு. நேர்முகத் தேர்வன்று தாங்கள் பருப்புக் கொள்கலன் ஒன்றின் கோப்பை என் முன் வைத்தது நினைவிருக்கும். துறைமுகத்தில் கட்டிய தாமதக் கட்டணமும் லொறிக் கூலியும் விலைப்பட்டியலின் ஓரத்தில் பென்சிலால் குறிக்கப்பட்டிருந்தன. லொறிக் கூலி சரக்கின் அடக்கவிலையில் ஏறாமல் பொதுச் செலவுக்குப் போயிருந்தது. அதைச் சேர்த்துப் பார்த்தபோது, இலாபம் என்று எண்ணியிருந்த ஒரு கிலோவில் இலாபம் அநேகமாக இல்லை. தாங்கள் சற்று நேரம் பேசாமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு "இதைத்தான் நான் பல நாளாகத் தேடிக்கொண்டிருந்தேன்" என்றீர்கள். அந்தத் தாமதக் கட்டணத்தைப் பற்றி அன்று நான் சொல்லாமல் விட்டது ஒன்று: வழக்கமான செலவுகளை அடக்கவிலையில் ஏற்ற வேண்டும், தவறால் வரும் தண்டச் செலவைத் தனியாக வைக்க வேண்டும். இரண்டையும் பிரித்துக் காட்டினால்தான் எந்தக் கொள்கலனில், யாருடைய தாமதத்தால் பணம் போனது என்பது தங்களுக்குத் தெரியும். முதல் மூன்று மாதங்களில் நான் செய்ய நினைத்திருக்கும் வேலை இதுவே.

இது எனக்குப் புதிய வேலை அல்ல. 2022இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாய் அளவிலிருந்து 360 வரை ஏறியபோது, எல்.சி. திறந்த நாளின் விலை ஒன்றாகவும் சரக்கு இறங்கிய நாளின் விலை வேறாகவும் இருந்தது. கொள்கலனுக்குக் கொள்கலன் தனி அடக்கவிலை போட்டுக் கொடுத்தது நான்தான். 2024 ஜனவரியில் பெறுமதி சேர் வரி 15இலிருந்து 18 சதவீதமானபோதும் கையிருப்பு, விற்பனை விலை, பற்றுச்சீட்டு எல்லாவற்றையும் ஆண்டிறுதி இரவுக்குள் மாற்றி முடித்தோம்.

மொத்தம் 240,000 உடனே கடினம் என்றால் ஒரு வழி இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் முதல் நாளிலிருந்தே 165,000 ஆக இருக்கட்டும். போக்குவரத்துக் கொடுப்பனவை 30,000 ஆகக் குறைத்து, மொத்தம் 225,000 உடன் தொடங்கலாம். ஆறு மாதத் தகுதிகாண் காலத்தை நான் நல்லபடியாக முடித்ததும் மொத்தம் 240,000 ஆகும் என்பதை நியமனக் கடிதத்திலேயே எழுதித் தர வேண்டும். வாய்ச்சொல்லில் நம்பிக்கையில்லாமல் இதைக் கேட்கவில்லை. ஆறு மாதம் கழித்து இருவருமே நினைவைத் தேடாமல் தாளைப் பார்க்கலாம் என்பதற்காகக் கேட்கிறேன். கொடுப்பனவுகளில் என்னால் விட்டுக்கொடுக்க முடிகிறது, அடிப்படையில் முடியவில்லை.

விடுமுறை, வேலை நேரம், சனிக்கிழமை அரைநாள் ஆகிய நிபந்தனைகள் எனக்கு முழுச் சம்மதம்.

சேரும் நாளைப் பற்றியும் ஒரு சொல். டிசம்பர் 1ஆம் திகதியைத் தள்ளிப்போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தங்கள் மூத்த கணக்காளர் ஐயா டிசம்பர் இறுதியோடு ஓய்வு பெறுகிறார் என்றீர்கள். அன்று அவர் பேரேட்டைத் திறந்து, வவுனியா வியாபாரிகளில் யார் தவணை தவறாதவர், யாருக்கு அறுவடை முடியும் வரை பொறுக்க வேண்டும் என்று ஒரு பெயரையும் பார்க்காமல் சொன்னார். அவை எந்தக் கணினியிலும் இல்லை. அவர் பக்கத்தில் ஒரு மாதமாவது உட்கார்ந்து எழுதிக்கொள்ள ஆசைப்படுகிறேன். இப்போதைய இடத்தில் நான் ஒரு மாத முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும். இம்மாத இறுதிக்குள் திருத்திய கடிதம் கிடைத்தால் டிசம்பர் முதலாம் திகதி காலையில் அலுவலகத்தில் இருப்பேன்.

பதிலுக்கு 17ஆம் திகதி வெள்ளிக்கிழமை வரை தவணை தந்திருந்தீர்கள். நேரில் பேசுவது நல்லது என்று தாங்கள் நினைத்தால், வியாழக்கிழமை மாலை ஐந்தரை மணிக்குப் பின் அலுவலகத்துக்கு வருகிறேன். தங்கள் மகளும் உடனிருந்தால் மகிழ்ச்சி. புதிய மென்பொருளைப் பற்றி அவர் கேட்ட கேள்விக்கு அன்று பாதிப் பதில்தான் சொன்னேன், மீதியையும் சொல்லிவிடலாம்.

தங்களுக்கும் குடும்பத்தினருக்கும் அலுவலகத்தில் அனைவருக்கும் தீபாவளி வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சி. மேகலா