முகமறியும் கேமரா நம் பள்ளிக்கு வேண்டாம்: எதிர்த்துப் பேசும் அணியின் முதல் உரை

நடுவர் ஐயா அவர்களுக்கும், ஆசிரியர்களுக்கும், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு நண்பர்களுக்கும் வணக்கம். வருகைப் பதிவுக்கு நம் பள்ளியில் முகமறியும் கேமரா வைக்கலாமா என்பது இன்றைய தலைப்பு. வேண்டாம் என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய தோழி ஒரு நேரக் கணக்கு சொன்னார். பீரியடுக்கு ஐந்து நிமிடம் அட்டெண்டன்ஸ் எடுப்பதிலேயே போகிறது, கேமரா வைத்தால் அது மிச்சம் என்றார். கணக்கு சரிதான். ஸ்வீடனில் ஷெலெஃப்தியோ என்ற ஊரிலும் இதே கணக்கைத்தான் போட்டார்கள். வருகைப் பதிவுக்கு மட்டும் வருடத்துக்கு 17,280 மணி நேரம் செலவாகிறது என்று சொல்லி, 2018இல் ஒரு மேல்நிலைப் பள்ளியில் 22 மாணவர்களை வைத்து மூன்று வாரம் கேமராவைச் சோதித்தார்கள்.

பெற்றோரிடம் ஒப்புதல் வாங்கியிருந்தார்கள். விருப்பமில்லாதவர்கள் விலகிக்கொள்ளவும் வழி இருந்தது. அப்படியிருந்தும் அந்நாட்டுத் தரவுப் பாதுகாப்பு ஆணையம் 2019 ஆகஸ்டில் நகராட்சிக்கு 2 லட்சம் குரோனர் அபராதம் போட்டது. அந்த ஒப்புதல் செல்லாது என்றது ஆணையம். பள்ளியை நம்பி இருப்பவர் மாணவர். அதிகாரம் பள்ளியின் கையில். அங்கே வாங்கும் சம்மதத்தைச் சுதந்திரமாகக் கொடுத்த சம்மதம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. வருகையைப் பதிய இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது இன்னொரு காரணம்.

நம் பக்கம் வருவோம். பிராக்டிகல் மார்க் போடுவதும் டிசி கொடுப்பதும் இதே பள்ளிதான். நாளைக்கு ஒரு படிவத்தை நீட்டி, "அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வா" என்றால் நம்மில் எத்தனை பேர் "வேண்டாம்" என்று எழுதித் தருவோம்? கையைத் தூக்கச் சொல்லவில்லை, மனசுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

அடுத்து, கருவி தப்பே செய்யாது என்றார் இரண்டாவதாகப் பேசிய நண்பர். கேமரா நம்மை நாம் பார்ப்பதுபோல் பார்ப்பதில்லை. முகத்தை எண்களின் வரிசையாக மாற்றி, சேமித்து வைத்த எண்களோடு ஒப்பிடுகிறது. எவ்வளவு ஒத்துப்போனால் "இவர்தான்" என்று ஏற்பது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்கிறார்கள். அந்த அளவைத் தளர்த்தினால் என் வருகை இன்னொருவர் பெயரில் விழும். இறுக்கினால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதே எனக்கு ஆப்சென்ட் விழும். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 2019இல் 189 மென்பொருள்களைச் சோதித்தது. ஒருவரை இன்னொருவர் என்று நினைத்துக்கொள்ளும் பிழை சிறுவர்களிடத்தில் கூடுதலாக இருந்தது. பள்ளியில் நிற்கப்போவது யார் என்று சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒன்று: கருவி நூற்றுக்கு நூறு சரியாக வேலை செய்தாலும் என் எதிர்ப்பு மாறாது. பாஸ்வேர்டு திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தை என்ன செய்வது?

பாதுகாப்புக்காக என்பது அவர்களுடைய வலுவான வாதம். பிள்ளை பள்ளிக்கு வந்ததா என்று தவிக்கும் தாய்க்கு உடனே செய்தி போக வேண்டும், மறுக்கவில்லை. அதற்கு முதல் பீரியடில் எடுக்கும் பதிவேடும் ஒரு எஸ்எம்எஸ்ஸும் போதும். நியூயார்க் மாநிலத்தில் லாக்போர்ட் பள்ளிகள் பாதுகாப்பைச் சொல்லித்தான் 2020இல் இதைத் தொடங்கின. 2023 செப்டம்பரில் மாநிலம் முழுவதும் பள்ளிகளில் முகமறிதலுக்குத் தடை வந்துவிட்டது.

வருகைப் பதிவோடு இது நிற்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. சீனாவின் ஹாங்சோ நகரப் பள்ளி ஒன்றில் 2018இல், மாணவர் கவனிக்கிறாரா, சலித்துப்போயிருக்கிறாரா என்று முகபாவத்தையே கேமரா கணித்தது. சலிப்புக்கு மார்க் குறையுமென்றால் நம் மதியப் பீரியடுகள் என்ன ஆகும், யோசியுங்கள்! கல்விக்கூடங்களில் இப்படி உணர்ச்சியைக் கணிக்கும் கருவிகளுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரி முதல் தடை போட்டிருக்கிறது. மருத்துவம், பாதுகாப்புக் காரணங்களுக்கு மட்டும் விலக்கு.

"அதெல்லாம் வெளிநாடு" என்பார்கள். அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றம் 2017இல், புட்டசாமி வழக்கில் சொல்லிவிட்டது. 2023ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்டவர்களைத் தொடர்ந்து கண்காணிப்பதைத் தடுக்கிறது. ஆனால் 2025 நவம்பரில் வந்த விதிகள், கல்விப் பணிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் என்று சொல்லிக் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு தருகின்றன. எதிரணி நண்பர்கள் இந்த விலக்கைக் கட்டாயம் காட்டுவார்கள். காட்டட்டும். சட்டம் அனுமதிக்கிறதா என்பது வேறு, செய்யலாமா என்பது வேறு. இன்றைய தலைப்பு இரண்டாவதைப் பற்றியது.

அடுத்து வரும் நண்பருக்கு மூன்று கேள்விகள். "என் முகம் வேண்டாம்" என்று ஒரு மாணவி சொன்னால், அவளைத் தனி வரிசையில் நிறுத்தாமல் எப்படி வருகை பதிவீர்கள்? நாங்கள் பள்ளியை விட்டுப் போன பிறகு எங்கள் முகத்தின் எண்கள் யாருடைய கம்ப்யூட்டரில் இருக்கும்? எந்தத் தேதியில் அழிப்பீர்கள், அழித்ததை எங்களுக்கு யார் காட்டுவார்? பதிலுக்காகக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.