தாத்தாவின் துப்பாக்கி: பதிவு குறித்து

அன்புள்ள செல்வி அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தாத்தாவின் ரைபிளை எங்கள் அருங்காட்சியகத்துக்குத் தர முன்வந்ததற்கு நன்றி. படங்களைப் பார்த்தோம். லீ என்ஃபீல்ட், .303 ரகம். போல்ட்டுக்குப் பின்னால், வலப்பக்க உலோக வளையத்தில் கிரீடமும் ‘இஷாப்பூர் 1942’ முத்திரையும் இருக்கின்றன. வங்காளத்துத் தொழிற்சாலையில் செய்தது.

வந்ததும் 2025.14.1 என்று எண் தருவோம். தோல் வாருக்கு .2, சீருடைப் படத்துக்கு .3. எண்ணைப் பொருளில் செதுக்க மாட்டோம். மெல்லிய வார்னிஷ் பூச்சின் மேல் எழுதுவோம், வேண்டுமானால் அழித்துவிடலாம். உடலிலும் போல்ட்டிலும் உள்ள தொடர் எண்கள் ஒன்றுதானா என்று பார்ப்போம். வேறாக இருந்தால் பதற வேண்டாம், பழுது பார்க்கும்போது பாகங்கள் மாறுவது சகஜம். நீளம், எடை, கீறல்கள் எல்லாம் பதிவாகும்.

ஒரு வேண்டுகோள்: எண்ணெய் போட்டுத் துடைக்காதீர்கள். கட்டையில் தாத்தா கீறிய ‘மு.வே.’ எழுத்துகளைத் தேய்த்துவிடாதீர்கள். எனக்கு அதுதான் முத்திரையைவிட முக்கியம். அவர் சொன்ன கதைகளை ஒரு தாளில் எழுதித் தாருங்கள். ‘குடும்பத்தார் சொன்னது’ என்று தனியே குறிப்போம்.

அப்புறம், துப்பாக்கியை நீங்களே எடுத்து வர வேண்டாம். காவல் நிலையத்தில் ஒப்படைத்த ரசீது, பழைய உரிமத்தின் நகல் இரண்டையும் அனுப்புங்கள். அனுமதி வந்தபின் நாங்களே பெற்றுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காப்பாட்சியர்