வியூக அறிக்கையிலிருந்து இலக்குகளும் முக்கிய முடிவுகளும்: ஏப்ரல் – செப்டம்பர் 2026

பெறுநர்: அனைத்துத் துறைத் தலைவர்கள்
அனுப்புநர்: திட்டமிடல் பிரிவு, பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், திருப்பூர்

மார்ச் மாதம் இயக்குநர்கள் ஒப்புக்கொண்ட 34 ஸ்லைடு வியூக அறிக்கையில் மொத்தம் 19 உறுதிமொழிகள் இருந்தன. ஒவ்வொன்றையும் எடுத்து, அது நிறைவேறியதா என்பதை எந்தப் பதிவேட்டைப் பார்த்துச் சொல்வோம், யாரைக் கேட்போம் என்ற இரண்டு கேள்விகளை எழுப்பினோம். இரண்டுக்கும் விடை கிடைத்தவை மட்டுமே கீழே உள்ளன. ஒப்பீட்டு எண்கள் யாவும் அக்டோபர் 2025 முதல் மார்ச் 2026 வரையிலான நமது பதிவேடுகளிலிருந்து எடுக்கப்பட்டவை.

இலக்கு 1: பையருக்குச் சொன்ன தேதியில் சரக்கு தூத்துக்குடிக்குப் புறப்பட வேண்டும்
பொறுப்பு: மெர்ச்சண்டைசிங் மேலாளர்

1.1 உரிய தேதியில் அனுப்பப்பட்ட ஷிப்மென்ட்டுகள் 74 சதவீதத்திலிருந்து 90 சதவீதமாக உயர வேண்டும். பையர் பின்னர் நீட்டித்துக் கொடுத்த தேதி கணக்கில் வராது; ஆர்டரில் முதலில் எழுதப்பட்ட தேதியே கணக்கு.
1.2 தாமதத்தால் நாம் ஏற்கும் விமானச் சரக்குக் கட்டணம் ஆறு மாதத்திற்கு 61 லட்சம் ரூபாயிலிருந்து 20 லட்சத்திற்குள் குறைய வேண்டும்.
1.3 துணி சாயப்பட்டறைக்குச் சென்று காம்பாக்டிங் முடிந்து திரும்பும் சராசரி நாட்கள் 14-லிருந்து 10 ஆக வேண்டும். இதற்கு மட்டும் பொறுப்பு கொள்முதல் மேலாளருடையது.

இந்த இலக்கின் பொறுப்பாளரை முடிவு செய்யத்தான் அதிக நேரம் பிடித்தது. அறிக்கையின் 8-ஆம் ஸ்லைடு "உற்பத்தியும் மெர்ச்சண்டைசிங்கும் இணைந்து" என்றிருந்தது. தாமதமான ஷிப்மென்ட்டுகளின் கோப்புகளைப் பிரித்துப் பார்த்தபோது, பெரும்பாலானவற்றில் பவர் டேபிளில் வேலை தொடங்கும் முன்பே நாட்கள் போயிருந்தன: லேப் டிப் ஒப்புதல் வர நாளானது, அல்லது ஷேடு பொருந்தாமல் துணி மறுபடியும் பட்டறைக்குப் போனது. ஆகவே ஒப்புதலைத் துரத்தும் இடத்திலுள்ள மெர்ச்சண்டைசிங் மேலாளரே முழு இலக்குக்கும் பதில் சொல்ல வேண்டும் என்று தீர்மானித்துள்ளோம். உற்பத்தி மேலாளரின் கடமை குறையவில்லை. கட்டிங் முதல் பேக்கிங் வரையிலான நாட்களை அவர் வாரந்தோறும் மெர்ச்சண்டைசிங்குக்குத் தர வேண்டும்.

இலக்கு 2: பிழை தைக்கும் இடத்திலேயே பிடிபட வேண்டும்
பொறுப்பு: தரக் கட்டுப்பாட்டு மேலாளர்

2.1 பவர் டேபிள் லைன் முடிவுச் சோதனையில் 100 உருப்படிக்குக் காணப்படும் குறைகள் 9-லிருந்து 5 ஆகக் குறைய வேண்டும்.
2.2 ஏ.க்யூ.எல். 2.5 அளவுகோலில் நடக்கும் இறுதிச் சோதனையில் முதல் முறையே தேறும் ஆர்டர்கள் 82 சதவீதத்திலிருந்து 95 சதவீதமாக வேண்டும்.

இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். லைனில் குறைகளை எழுதாமல் விட்டால் 2.1 அழகாகத் தெரியும்; ஆனால் 2.2 அதைக் காட்டிக்கொடுத்துவிடும். குறை எழுதும் செக்கர்கள் லைன் சூப்பர்வைசரின் கீழ் இல்லாமல் தரப் பிரிவின் கீழ் இருப்பதும் இதனால்தான் அவசியமாகிறது.

இலக்கு 3: ஒரே பையரை நம்பியிருக்கும் நிலை மாற வேண்டும்
பொறுப்பு: மார்க்கெட்டிங் இயக்குநர்

3.1 செப்டம்பர் 30-க்குள் மூன்று புதிய பையர்களுக்குத் தலா 20,000 உருப்படிக்குக் குறையாத ஆர்டர் அனுப்பப்பட்டிருக்க வேண்டும். சாம்பிள் அனுப்பியதும் சந்திப்புகளும் கணக்கில் சேரா.
3.2 விற்பனையில் மிகப்பெரிய பையரின் பங்கு 58 சதவீதத்திலிருந்து 50 சதவீதத்திற்குள் வர வேண்டும். ஆனால் அவருடைய ஆர்டரின் அளவு குறைவதால் அது நிகழக் கூடாது.

இலக்கு 4: தையல் தொழிலாளர்கள் நம்மிடம் நிலைக்க வேண்டும்
பொறுப்பு: மனிதவள மேலாளர்

4.1 மாதந்தோறும் வேலையை விட்டுச் செல்வோர் 8 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைய வேண்டும்.

அறிக்கையின் "பசுமை உற்பத்தி" பகுதி இங்கே இலக்காக இடம்பெறவில்லை. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாமல் இருப்பது இவ்வூரில் தொழில் நடத்துவதற்கான நிபந்தனையாகிவிட்டது. அதை 70 சதவீதம் அடைந்தோம் என்று சொல்ல இடமில்லை. எனவே, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நடப்பு அனுமதி உள்ள பட்டறைக்கு மட்டுமே துணி செல்ல வேண்டும் என்பதை விதியாக வைத்து, ஒவ்வொரு டெலிவரி சலானுக்கும் முன் சரிபார்க்கும் பொறுப்பைக் கொள்முதல் மேலாளருக்கு அளித்துள்ளோம். 1.3-ஐ எட்டுவதற்காக இவ்விதியைத் தளர்த்த யாருக்கும் அதிகாரமில்லை.

"டிஜிட்டல் மாற்றம்", "உலகத் தரம்" ஆகிய ஸ்லைடுகளுக்கு அளக்கக்கூடிய முடிவு எதுவும் கிடைக்காததால் அவை விடப்பட்டுள்ளன.

ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி பொறுப்பாளர்கள் தத்தம் எண்களை நேரில் வந்து சொல்ல வேண்டும். பிரதிநிதியை அனுப்பக் கூடாது. ஒப்பீட்டு எண்ணிலோ பொறுப்பிலோ மறுப்பு இருந்தால், உரிய பதிவேட்டின் நகலுடன் ஏப்ரல் 10, 2026-க்குள் திட்டமிடல் பிரிவுக்கு எழுத்தில் தெரிவிக்கவும்.