மந்தநிலை ஏன் வருகிறது? மெய் வணிகச் சுழற்சியும் நெகிழாத விலையும்

1981 ஜூலையில் தொடங்கிய அமெரிக்க மந்தநிலையை எடுத்துக்கொள்வோம். பணவீக்கத்தை அடக்கியே தீருவது என்று அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வின் தலைவர் பால் வோல்கர் பணப்புழக்கத்தை இறுக்கியதில், வங்கிகள் தங்களுக்குள் ஒரு நாளைக்குக் கைமாற்றும் கடனின் வட்டி அந்த ஆண்டில் 19 விழுக்காட்டைத் தொட்டது. வீடும் விற்கவில்லை, காரும் விற்கவில்லை. வீடு கட்டித் தருபவர்கள் கோபத்தில் மரச்சட்டத் துண்டுகளைத் தபாலில் வோல்கருக்கே அனுப்பினார்கள். 1982 முடியும்போது வேலையின்மை 10.8 விழுக்காடு. ஆனால் ஆலைகள் இருந்த இடத்தில்தான் இருந்தன, இயந்திரங்கள் ஓடும் நிலையில்தான் இருந்தன, தொழிலாளிகளின் கைத்திறனும் எங்கும் போய்விடவில்லை. மத்திய வங்கி வட்டியை ஏற்றினால் இத்தனை லட்சம் பேர் ஏன் வேலை இழக்க வேண்டும்?

இந்தக் கேள்வியில்தான் இரண்டு விளக்கங்களும் பிரிகின்றன.

முதலாவது, ரியல் பிசினஸ் சைக்கிள் என்கிற மெய் வணிகச் சுழற்சி விளக்கம். ஃபின் கிட்லண்டும் எட்வர்ட் பிரெஸ்காட்டும் 1982இல் எழுதிய கட்டுரையில் இது உருப்பெற்றது. 2004இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தபோது இந்த வேலையும் காரணமாகச் சொல்லப்பட்டது. அவர்கள் வாதம் இதுதான்: தொழில்நுட்பமும் உற்பத்தித்திறனும் சீராக வளர்வதில்லை, விட்டுவிட்டு வளர்கின்றன, சில காலம் பின்வாங்கவும் செய்கின்றன. உற்பத்தித்திறன் இறங்கினால் ஒரு மணி நேர உழைப்புக்குக் கிடைக்கும் பலன் குறைகிறது, அதனால் மக்கள் இப்போது கொஞ்சம் குறைவாக உழைத்துப் பலன் கூடும்போது அதிகம் உழைக்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். நிறுவனங்களும் புதிய இயந்திரம் வாங்குவதை ஒத்திப்போடுகின்றன. உற்பத்தி சரிகிறது, வேலை குறைகிறது. இதில் பணத்துக்கு வேலையே இல்லை. எல்லா விலையும் கூலியும் சேர்ந்தாற்போல் பாதியானால் யாருக்கும் எதுவும் மாறப்போவதில்லை என்பது இந்த மாதிரியின் அடிப்படை.

கேட்டவுடன் தள்ளிவிடத் தோன்றும். தள்ளிவிடக் கூடாது. உற்பத்தித்திறன் அதிர்ச்சி என்ற ஒரே ஒரு காரணத்தை மட்டும் வைத்து, போருக்குப் பிந்தைய அமெரிக்கப் புள்ளிவிவரங்களில் தெரியும் பல விஷயங்களை அந்தச் சின்ன மாதிரி பிடித்துவிட்டது: முதலீடு பலமாக ஏறி இறங்குகிறது, நுகர்வு மெதுவாகத்தான் ஆடுகிறது, உழைக்கும் நேரமும் உற்பத்தியும் சேர்ந்தே நகர்கின்றன. அப்புறம் 1973ஐப் பாருங்கள். அரபு நாடுகளின் எண்ணெய்த் தடையைத் தொடர்ந்து ஒரு பீப்பாய் சுமார் 3 டாலரிலிருந்து சில மாதங்களில் 12 டாலருக்கு அருகில் போனது. எண்ணெய் என்பது உண்மையான பொருள், அது அரிதானால் நாடு நிஜமாகவே ஏழையாகிறது. எத்தனை நோட்டு அடித்தாலும் அந்த இழப்பு ஈடாகாது. 1973-75 மந்தநிலைக்கு உண்மையான அதிர்ச்சியை விட்டுவிட்டு விளக்கம் சொல்ல முடியாது.

இந்த விளக்கத்தின் கடுமையான பகுதி அடுத்து வருகிறது. அடிப்படை மாதிரியில் மந்தநிலை என்பது சந்தையின் கோளாறே இல்லை, மாறிய சூழ்நிலைக்கு மக்கள் காட்டும் சரியான எதிர்வினை. ஆகவே அரசு தலையிட்டால் நிலைமை மோசமாகத்தான் போகும். வேலையில்லாமல் நிற்கிறவர் ஒருவகையில் ஓய்வைத் தேர்ந்தெடுத்தவர் ஆகிறார். என்னால் இதை ஏற்க முடியவில்லை. வேலை போனவர்கள் பழைய கூலிக்கே, ஏன் அதற்குக் குறைவாகவும்கூட, வேலை கேட்டு அலைவதை எந்த மந்தநிலையிலும் பார்க்கலாம்.

நெகிழாத விலை விளக்கம் வேறு இடத்தில் தொடங்குகிறது. செலவு செய்யப்படும் பணம் குறையும்போது எல்லா விலையும் அன்றே இறங்கிவிட்டால் விற்பனை அளவு மாறாது. ஆனால் விலை இறங்குவதில்லை, விற்பனைதான் இறங்குகிறது, விற்காததை உற்பத்தி செய்ய யாரும் ஆள் வைத்துக்கொள்வதில்லை. கூலி ஒப்பந்தங்கள் பல ஆண்டுகளுக்குப் போடப்படுகின்றன, அமெரிக்கத் தொழிற்சங்கங்களில் மூன்றாண்டு ஒப்பந்தம் சாதாரணம். பொருளாதார அறிஞர் ட்ரூமன் ப்யூலி 1990களின் தொடக்க மந்தநிலையில் நிறுவன மேலாளர்களையும் மற்றவர்களையும் நூற்றுக்கணக்கில் பேட்டி கண்டு, கூலியை ஏன் வெட்டுவதில்லை என்று கேட்டார். வெட்டினால் இருக்கிற எல்லோருடைய மனமும் உடைந்துபோகும், வேலை கெடும், அதைவிடச் சிலரை அனுப்பிவிடுவதே மேல் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்த பதில்.

விலைக்கு வருவோம். விலைப்பட்டியலை மாற்றும் செலவு அற்பம், அதற்காகவா இவ்வளவு பெரிய மந்தநிலை என்று கேட்கலாம். கிரெகரி மேன்கிவும், தனியாக ஜார்ஜ் ஏக்கர்லாஃப்–ஜேனட் யெல்லன் இணையும் 1985இல் இதற்குத்தான் பதில் எழுதினார்கள், இந்தப் பக்கத்து வாதங்களில் எனக்கு மிகப் பிடித்ததும் அதுதான். ஒரு கடை விலையைக் குறைக்காமல் விட்டால் அந்தக் கடையின் லாபத்தில் ஏற்படும் இழப்பு மிகச் சிறியது, ஏனென்றால் லாபத்தின் உச்சிக்கு அருகில் கொஞ்சம் தள்ளி நின்றாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்த விலை இறங்கியிருந்தால் மற்றவர்கள் கையில் வாங்கும் சக்தி கொஞ்சம் கூடியிருக்கும், அது மற்ற கடைகளின் விற்பனையாகியிருக்கும். அந்த நன்மை விலையை முடிவு செய்கிறவரின் கணக்கில் வருவதே இல்லை. ஒவ்வொருவரும் தன்னளவில் நியாயமாகவே நடந்துகொண்டு, எல்லோரும் சேர்ந்து பெரிய நஷ்டத்தில் மாட்டிக்கொள்ள முடியும்.

சரி, இரண்டில் எது சரி என்று எப்படிப் பார்ப்பது? பணம் மட்டும் மாறிய தருணங்களைத் தேட வேண்டும். வோல்கர் காலம் அப்படி ஒன்று. 1980இல் 13 விழுக்காட்டைத் தாண்டியிருந்த பணவீக்கம் 1983இல் 3 விழுக்காட்டை ஒட்டி வந்தது, அதற்கு விலையாக ஆழமான மந்தநிலை வந்தது. பணத்துக்கு வேலையே இல்லை என்றால் இது நடந்திருக்கக் கூடாது. இன்னொன்று, 1973இல் முக்கிய நாடுகள் நிலையான நாணய மாற்று விகிதத்தைக் கைவிட்டதும் அவற்றுக்கிடையே, இரு நாட்டு விலைவாசியையும் சேர்த்துக் கணக்கிடும் மெய்யான மாற்று விகிதங்களே திடீரென்று பலமடங்கு ஆடத் தொடங்கின. மைக்கேல் முஸ்ஸா 1986இல் இதை விரிவாகக் காட்டினார். விலைகள் நெகிழ்வாக இருந்தால் நாணய ஏற்பாடு மாறியது மெய்யான விகிதத்தை இப்படிப் பாதித்திருக்காது.

மறுபக்கம், உற்பத்தித்திறன் விழுவதாக அளவீடுகள் காட்டுவதே சந்தேகத்துக்குரியது. விற்பனை குறையும்போது நிறுவனங்கள் தேர்ந்த ஆட்களை உடனே அனுப்புவதில்லை, அரைவேலையோடு வைத்துக்கொள்கின்றன. கணக்கில் அது உற்பத்தித்திறன் வீழ்ச்சியாகப் பதிவாகிறது. நோய் என்று அவர்கள் சொல்வது நோயின் அறிகுறியாகவே இருக்கலாம். 2009இல் அமெரிக்காவில் வேலையின்மை 10 விழுக்காட்டுக்கு ஏறிய ஆண்டில், ஒரு மணி நேர உழைப்புக்கான உற்பத்தி உயர்ந்தது. உற்பத்தித்திறன் சரிவுதான் காரணம் என்ற கதைக்கு இது பொருந்தவே இல்லை.

ஆனாலும் நெகிழாத விலைக்காரர்களுக்கும் கடன் இருக்கிறது. இன்று மத்திய வங்கிகள் பயன்படுத்தும் நியூ கெயின்சியன் மாதிரிகளின் எலும்புக்கூடு கிட்லண்ட்–பிரெஸ்காட் கட்டியது, அதன்மேல்தான் விலை நெகிழாமையைப் பூட்டியிருக்கிறார்கள். விலைகள் எவ்வளவு காலம் நிலையாக நிற்கின்றன என்பதிலும் சண்டை தீரவில்லை: மார்க் பில்ஸும் பீட்டர் கிளெனோவும் 2004இல் அமெரிக்கச் சில்லறை விலைகளைப் பார்த்து நடுமதிப்பு சுமார் 4 மாதம் என்றார்கள். தள்ளுபடி விற்பனைகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்த எமி நகமுராவும் ஜான் ஸ்டைன்சனும் 2008இல் 8 முதல் 11 மாதம் என்றார்கள். 4 மாதம்தான் என்றால் இரண்டு ஆண்டு மந்தநிலையை விலையை மட்டும் வைத்து விளக்குவது கஷ்டம், கூலியையும் கடன் சந்தையையும் உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும். 2009க்குப் பிறகு அவ்வளவு வேலையின்மை இருந்தும் பணவீக்கம் எதிர்பார்த்த அளவு ஏன் இறங்கவில்லை என்பதற்கு அவர்கள் இன்றும் பல விடைகளை முன்வைக்கிறார்கள். எல்லோரும் ஒப்புக்கொண்ட விடை ஒன்று இல்லை.