தொழில் வரி பாக்கி, லேட் பதிவு நோட்டீஸுக்கு பதில் – கொளத்தூர் யூனிஃபார்ம் தையல் யூனிட்

தேதி: 15-12-2025

உதவி வருவாய் அலுவலர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம் சார். நீங்க 03-12-2025 தேதி போட்டு அனுப்பின நோட்டீஸ் 6ஆம் தேதி சனிக்கிழமை கைக்கு வந்துச்சு. 15 நாளுக்குள்ள பதில் சொல்லணும்னு இருக்கு, அதுக்குள்ளயே அனுப்புறேன். மெயில்லயும் அனுப்பி, பிரிண்ட் எடுத்து தபால் பிரிவுலயும் குடுத்து சீல் வாங்கிக்கிறேன்.

முதல்ல முக்கியமான விஷயத்த சொல்லிடுறேன். கட்ட வேண்டிய தொழில் வரிய கட்ட மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல. எங்க கணக்குப்படி வர்ற 10,575 ரூபாய 11-12-2025 அன்னிக்கே ஆன்லைன்ல கட்டிட்டேன், ரசீது இதோட வச்சிருக்கேன். ஆனா நோட்டீஸ்ல கேட்டிருக்கிற 41,250 ரூபா எங்க யூனிட்டுக்கு வரவே வராது. 11 பேர், ஆளுக்கு 1,250, மூணு அரையாண்டுன்னு பெருக்கி போட்டிருக்கு. அந்த 11 பேரும் ஒரே நேரத்துல எங்ககிட்ட வேலை பாத்ததே கிடையாது சார், மூணு அரையாண்டும் முழுசா யாருமே வேலை பாக்கல, ஏன்னா முதல் அரையாண்டுல யூனிட் இருந்ததே ஒரு மாசத்துக்கும் குறைவுதான்.

இந்த 11 எப்படி வந்துச்சுன்னு எனக்கு புரியுது. 12-11-2025 அன்னிக்கு ஆய்வுக்கு வந்தவங்க அன்னிக்கு இருந்த வருகைப் பதிவேட்டையும் மே மாச கூலி ஷீட்டையும் போட்டோ எடுத்துக்கிட்டாங்க, ரெண்டுலயும் இருக்கிற பேர சேத்தா 11 வரும். ஆனா மே மாசம்ங்கிறது எங்க தொழில்ல மத்த மாசம் மாதிரி இல்ல. ஸ்கூல் ஜூன்ல திறக்கும், அதுக்குள்ள யூனிஃபார்ம் டெலிவரி குடுத்தாகணும், அந்த அஞ்சாறு வாரம் ராத்திரி ஒம்போது மணி வரைக்கும் மெஷின் ஓடும், பீஸ் ரேட்ல தைக்கிறவங்க வருஷத்துலயே அதிகமா சம்பாதிக்கிறது அப்பதான். அது முடிஞ்சா வண்ணாரப்பேட்டை கடைங்க குடுக்கிற சுடிதார், நைட்டி ஜாப் ஒர்க்தான், அதுவும் ஒரு வாரம் இருக்கும் ஒரு வாரம் இருக்காது. அதனால மே மாச கூலிய ஆறால பெருக்கினா அது யாரோட அரையாண்டு வருமானமும் ஆகாது. தொழில் வரி ஸ்லாப் அரையாண்டு வருமானத்த வச்சுதானே சார் இருக்கு, அப்போ அந்த ஆறு மாசத்துல ஒருத்தர் கைக்கு உண்மையா எவ்வளவு போச்சுங்கிறததான் கூட்டிப் பாக்கணும், அத நான் ஒவ்வொருத்தருக்கும் கூட்டி வச்சிருக்கேன்.

2024 ஏப்ரல்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் உள்ள முதல் அரையாண்டு: யூனிட்ட ஆரம்பிச்சதே 02-09-2024. வாடகை ஒப்பந்தம், அன்னிக்கு மெஷின் வாங்கின பில் எல்லாம் இணைச்சிருக்கேன். அந்த செப்டம்பர் மாசம் கட்டிங் மாஸ்டர், சூப்பர்வைசர், ரெண்டு டைலர்னு நாலே பேர். அதுல அதிக சம்பளம் கட்டிங் மாஸ்டருக்கு, மாசம் 19,000. அந்த ஒரு மாசத்துல எங்ககிட்ட யாருமே 21,000ஐ தாண்டல, அரையாண்டுக்கு 21,000 வரைக்கும் வரி இல்ல. அதனால இந்த அரையாண்டுக்கு போட்டிருக்கிற 13,750 ரூபாய முழுசா எடுத்துடணும்னு கேட்டுக்கிறேன்.

ரெண்டாவது, 2024 அக்டோபர்லேர்ந்து 2025 மார்ச் வரைக்கும். கட்டிங் மாஸ்டருக்கு ஆறு மாசத்துக்கு 1,14,000, சூப்பர்வைசருக்கு மாசம் 15,000 வீதம் 90,000, இவங்க ரெண்டு பேருக்கும் 1,250 சரிதான். டைலர் ரெண்டு பேரும் பீஸ் ரேட், ஆறு மாச மொத்தம் ஒருத்தருக்கு 71,340, இன்னொருத்தருக்கு 68,905. ரெண்டுமே 60,001லேர்ந்து 75,000க்குள்ள வர்ற ஸ்லாப், ஆளுக்கு 1,025. 2024 அக்டோபர்லேர்ந்து மாநகராட்சியில தொழில் வரி ஏறினதும் எனக்கு தெரியும், அது கீழ் ஸ்லாப்புங்களுக்குத்தான், 1,025ம் 1,250ம் மாறல, அதனால இந்த கணக்க அது தொடல. காஜா, பட்டன், அயர்ன் வேலைக்கு ஒரு ஹெல்பர் 17-02-2025 அன்னிக்கு சேந்தாங்க, மாசம் 12,500, மார்ச் முடிய அவங்களுக்கு குடுத்தது 17,857, அதுக்கு வரி இல்ல. ஆக இந்த அரையாண்டுக்கு 4,550.

மூணாவது 2025 ஏப்ரல் – செப்டம்பர், சீசன் அரையாண்டு. மாஸ்டர், சூப்பர்வைசர் பழையபடி 1,250. டைலர் ரெண்டு பேரும் இந்த தடவ 96,420, 88,150னு சம்பாதிச்சாங்க, அதனால அவங்களும் 1,250க்கு வந்துட்டாங்க, இதுல எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்ல. ஹெல்பருக்கு 12,500 வீதம் ஆறு மாசம் சரியா 75,000. இங்க தயவுசெஞ்சு கவனிக்கணும் சார், 75,000க்கு மேல போனாதான் 1,250, 75,000 வரைக்கும் 1,025தான். அவங்களுக்கு ஓவர்டைம், போனஸ்னு எதுவும் அந்த ஆறு மாசத்துல குடுக்கல, தீபாவளி போனஸ் அக்டோபர்லதான் போச்சு, பேங்க் ஸ்டேட்மென்ட்ல தேதியோட இருக்கு. மொத்தம் 6,025.

மே மாச ஷீட்ல இருக்கிற மத்த நாலு பேர் சீசனுக்கு மட்டும் வந்தவங்க. ரெட்டேரி, வில்லிவாக்கம் பக்கத்துல வீட்டுலயே மெஷின் போட்டு தைக்கிற பொம்பளைங்க, 28-04-2025லேர்ந்து 07-06-2025 வரைக்கும் நம்ம யூனிட்ல வந்து தச்சாங்க. அவங்க மொத்த கூலி 18,640, 19,275, 17,480, 20,310, நாலுமே 21,000க்கு கீழ. உதாரணத்துக்கு 19,275 வாங்கினவங்களுக்கு மே மாசம் மட்டும் 15,250, அத ஆறால பெருக்கினா 91,500 ஆகி மேல் ஸ்லாப்புக்கு போயிடும். அப்படி ஒரு வருமானத்த அவங்க கண்ணுல பாத்ததே இல்ல, பிள்ளைங்க ஸ்கூல் ஃபீஸுக்குன்னு அந்த அஞ்சாறு வாரம் வந்து உழைச்சிட்டு போனவங்க பேர்ல மூணு அரையாண்டுக்கு 3,750 ரூபா வரி போட்டிருக்குன்னு பாத்தப்போ எனக்கு மனசே கேக்கல சார். இத மட்டும் கண்டிப்பா நீங்களே ஒரு தடவ பாக்கணும்.

மிச்சம் ரெண்டு பேர் 06-10-2025 அன்னிக்கு சேந்த புது டைலருங்க. அவங்க நடப்பு அரையாண்டுலதான் வருவாங்க. இப்ப இருக்கிற ஏழு பேருக்கும் 2026 மார்ச் 31க்குள்ள உண்மையான வருமானத்த கூட்டி நடப்பு அரையாண்டு வரிய கட்டிடுவேன்.

4,550ம் 6,025ம் சேத்தா 10,575, அதத்தான் கட்டியிருக்கேன். மிச்சம் 30,675 ரூபா மேல சொன்ன காரணங்களால பொருந்தாது, அத தள்ளுபடி பண்ணி திருத்தின டிமாண்ட் அனுப்பணும்னு கேட்டுக்கிறேன்.

அடுத்து லேட் பதிவு விஷயம். நோட்டீஸ்ல யூனிட் ஆரம்பிச்ச நாள்லேர்ந்தே பணியாளர்கள பதியாம மறைச்சதா எழுதியிருக்கு. பதிவு தாமதமானது உண்மை, 2024 அக்டோபர் அரையாண்டுலயே பண்ணியிருக்கணும். ஆனா மறைச்சதுங்கிற வார்த்தைய நான் ஏத்துக்க முடியாது. தொழில் உரிமம் உங்க அலுவலகத்துலயே வாங்கி வருஷா வருஷம் புதுப்பிக்கிறேன், உத்யம் பதிவு இருக்கு, சம்பளம் எல்லாம் பேங்க் வழியாத்தான் போகுது, பீஸ் ரேட் ஆளுங்களுக்கு கூலி நோட்டுல தினம் எத்தனை பீஸ்னு எழுதி அவங்க கையெழுத்தும் இருக்கு. ஆய்வுக்கு வந்தவங்க கேட்ட உடனே ஒரு பதிவேட்டையும் ஒளிக்காம குடுத்தோம், நோட்டீஸ்ல இருக்கிற 11 பேரே நாங்க குடுத்த ஷீட்லேர்ந்து எடுத்ததுதான். ஆய்வு முடிஞ்சு அஞ்சாவது நாள், 17-11-2025 அன்னிக்கு பதிவுக்கு விண்ணப்பிச்சேன், 28-11-2025ல நம்பர் வந்துடுச்சு, ரெண்டுமே நோட்டீஸ் தேதிக்கு முன்னாடி. இதெல்லாம் பாத்து, ஏன் அபராதம் விதிக்கக் கூடாதுன்னு கேட்டிருக்கிறதுக்கு அபராதத்த கைவிடணும்னு கேட்டுக்கிறேன். பாக்கியா இருந்த 10,575க்கு சட்டப்படி வட்டி வந்தா அத கட்ட தயார், எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரைக்கும், எந்த விகிதம்னு திருத்தின டிமாண்ட்ல தனியா காட்டிடுங்க, வந்த வாரத்துலயே கட்டிடுறேன்.

இன்னொண்ணு. இந்த பழைய பாக்கிய யார் சம்பளத்துலேர்ந்தும் நான் பிடிக்கப் போறதில்ல. ஒரு வருஷத்து வரிய இன்னிக்கு ஒரே மாசத்துல பிடிச்சா டைலருங்க வீட்டுல அரிசி மளிகைக்கே இடிக்கும், அதனால முழுசையும் யூனிட் கணக்குலேர்ந்துதான் கட்டியிருக்கேன். நடப்பு அரையாண்டுலேர்ந்து மட்டும் அவங்களுக்கு முன்கூட்டியே சொல்லி, மாசாமாசம் கொஞ்சமா பிடிச்சு சம்பள ரசீதுல காட்டுவேன். இத ஏன் உங்ககிட்ட சொல்றேன்னா, நாளைக்கு யாராவது பணியாளர் வந்து உங்ககிட்ட விசாரிச்சா அவங்க பேர்ல பாக்கி எதுவும் இல்லன்னு தெரியணும், அதுக்காக ரசீதுல ஆளுக்கு எவ்வளவுன்னு பிரிச்சு ஒரு தாளும் வச்சிருக்கேன்.

கணக்குல எங்கயாவது சந்தேகம் இருந்தா நேர்ல விசாரணைக்கு ஒரு தேதி குடுங்க சார், கூலி நோட்டு ஒரிஜினலோட நானும் சூப்பர்வைசரும் வர்றோம். ஒரு நாள் முன்னாடி போன்ல சொன்னா போதும், எந்த நாளா இருந்தாலும் பரவால்ல. நேர்ல கேட்டு முடிவாகிற வரைக்கும் மிச்ச தொகைக்காக சீல் வைக்கிறது, ஜப்தி மாதிரி நடவடிக்கை எதுவும் எடுக்க வேண்டாம்னு பணிவா கேட்டுக்கிறேன். பொங்கலுக்கு டெலிவரி குடுக்க வேண்டிய ஆர்டர் இப்ப மெஷின்ல இருக்கு, ஒரு நாள் நின்னாலும் பீஸ் ரேட் ஆளுங்களுக்கு அன்னிக்கு கூலி கிடையாது.

இணைப்புல இருக்கிறது: நோட்டீஸ் நகல், 11-12-2025 பணம் கட்டின ரசீது, வாடகை ஒப்பந்தமும் மெஷின் பில்லும், மூணு அரையாண்டுக்கும் ஆள்வாரியா வருமானக் கணக்கு, 2024 செப்டம்பர்லேர்ந்து 2025 அக்டோபர் வரைக்கும் பேங்க் ஸ்டேட்மென்ட், சீசன் ஆளுங்க நாலு பேரோட கூலி நோட்டு பக்கங்கள், தொழில் உரிமம், பதிவு விண்ணப்பம், நம்பர் வந்த மெயில்.

இப்படிக்கு,
ர. மீனாட்சி
உரிமையாளர், யூனிஃபார்ம் தையல் யூனிட்
கொளத்தூர், சென்னை – 600099