சகேயு சொன்ன கணக்கு

அண்ணன்மாரே, தம்பிகளே, நானும் ஆறு வருஷம் உள்ளே இருந்தவன்தான். வெளியே வந்த அன்னிக்கு அம்மா கதவைத் திறந்தாங்க. தங்கச்சி எந்திரிச்சு உள்ரூமுக்குப் போயிட்டா. அவ நகையை வித்தவன் நான். "திருந்திட்டேன்மா"ன்னேன். நம்பல. நம்பணும்னு கட்டாயமும் இல்லையே.

பைபிள்ல லூக்கா 19-ல சகேயுன்னு ஒரு பணக்கார வரி வசூல்காரன் வர்றான், இயேசுவைப் பார்க்க மரத்துல ஏறினவன். அவன் திருந்தின பிறகு இயேசு கூப்பிடல, மரத்து மேல இருக்கும்போதே கூப்பிட்டார். அப்புறம் அவன் அழுது புலம்பல; ஏமாத்தினதை நாலு மடங்காத் திருப்பித் தர்றேன்னு கணக்கு சொன்னான். எனக்குப் பிடிச்சது அந்தக் கணக்குதான்.

மாசாமாசம் தங்கச்சி கையில ஆயிரம் ரூபா வச்சேன். நடுவுல ரெண்டு தடவை மறுபடி குடிச்சேன், அதையும் அவகிட்ட சொன்னேன். மூணாவது வருஷம்தான் "சாப்பிட்டியா அண்ணே"ன்னு கேட்டா.

பேப்பரும் பேனாவும் கொண்டுவந்திருக்கேன். வீட்டுக்கு எழுதணும்னா வாங்க, உட்கார்ந்து எழுதுவோம்.