ஒப்படைப்பை அனுப்பும் முன்: வெப்ப இயக்கவியல் விடைச் சரிபார்ப்புப் பட்டியல்

சனிக்கிழமை துணைப்பாட வகுப்பு மாணவர்களுக்கு,

நான்காம் ஒப்படைப்பை ஞாயிறு இரவு 11.59க்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். மூன்றாம் ஒப்படைப்பைத் திருத்தியபோது எனக்கு வருத்தமாக இருந்தது. பாடம் புரிந்திருந்தும், வழிமுறை சரியாக இருந்தும், கடைசி வரியில் மதிப்பெண்ணை இழந்திருந்தீர்கள். இந்தத் தாளைக் குறிப்பேட்டின் பின்னட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்குள் கணக்குகளை முடித்து, சாப்பிட்டுவிட்டு வந்து சரிபாருங்கள். போட்ட கையோடு பார்த்தால் கண்ணுக்குப் பிழை தெரியாது.

முதலில் அலகு

☐ வெப்பநிலை T பெருக்கலிலோ வகுத்தலிலோ தனியாக வந்தால் அது கெல்வினில் இருக்கிறதா? pV = nRT, Q/T, 1 − Tc/Th எல்லாம் இந்த வகை. ΔT மட்டும் வந்தால் செல்சியஸும் கெல்வினும் ஒன்றே. அங்கே 273 சேர்ப்பது பெரும்பிழை.

☐ அழுத்தம் தனி அழுத்தமா, மானி காட்டும் அழுத்தமா? இந்தக் கேள்வியை ஒருபோதும் தாண்டிச் செல்லாதீர்கள். டயர் மானி 30 °C-இல் 220 kPa காட்டுகிறது, வெயிலில் ஓடி 60 °C ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். கன அளவு மாறவில்லை. தனி அழுத்தம் 321 kPa. அதை 333/303 ஆல் பெருக்கினால் 353 kPa, மானியில் சுமார் 252. வளிமண்டல அழுத்தத்தைச் சேர்க்க மறந்தவர் 242 என்று எழுதுவார். 242 பார்ப்பதற்கு முற்றிலும் நியாயமான எண். பின்னால் வரும் அளவுச் சோதனை இதைப் பிடிக்காது, அலகைப் பார்க்கும் இந்த இடத்தில்தான் பிடிபடும்.

☐ கன அளவு m³-க்கு மாறியதா? ஒரு லிட்டர் 10⁻³ m³, ஒரு cm³ 10⁻⁶ m³. kPa-ஐ m³-ஆல் பெருக்கினால் நேராக kJ வரும். Pa-ஐ m³-ஆல் பெருக்கினால் J.

☐ எந்த R? மோலுக்கு 8.314 J/(mol K). காற்றின் ஒரு கிலோவுக்கு 0.287 kJ/(kg K). வினாவில் நிறை கொடுத்திருக்க, 8.314 போட்டவர்கள் சென்ற முறை மூவர்.

☐ வேதியியல் எடுப்பவர்கள்: ΔG = ΔH − TΔS-இல் ΔH கிலோஜூலிலும் ΔS ஜூலிலும் அட்டவணையில் இருக்கும். அம்மோனியா உருவாகும் வினையில் (N₂ + 3H₂ → 2NH₃) ΔH = −92.2 kJ, ΔS = −199 J/K. 298 K-இல் ΔG சுமார் −33 kJ. மாற்ற மறந்தால் விடை ஐம்பதாயிரத்தைத் தாண்டி நேர்க்குறியில் நிற்கும். அப்படியொரு எண்ணைக் கண்டதும் கை தானாக நிற்க வேண்டும்.

குறி: இங்கேதான் அதிகம் இழக்கிறீர்கள்

நம் வகுப்பில் தொடக்கக் கல்லூரி மாணவர்களும் பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். தொடக்கக் கல்லூரி இயற்பியலில் ΔU = Q + W, அதாவது W வாயுவின் மீது செய்யப்பட்ட வேலை. பொறியியல் நூல்கள் பலவற்றில் ΔU = Q − W, அங்கே W வாயு செய்யும் வேலை. இரண்டும் சரி. நண்பரின் தாளிலிருந்து ஒன்றும் உங்கள் குறிப்பிலிருந்து ஒன்றும் எடுத்துக் கலப்பதுதான் தவறு.

☐ ஒவ்வொரு கணக்கின் முதல் வரியிலும் எந்த மரபு என்பதை எழுதியிருக்கிறேனா? "W: வாயுவின் மீது" என்ற இரண்டு சொல் போதும்.

உருளையில் உள்ள இலட்சிய வாயுவை 120 J வேலை செய்து அமுக்குகிறோம், 45 J வெப்பம் வெளியேறுகிறது. முதல் மரபில் −45 + 120 = 75 J. இரண்டாம் மரபில் −45 − (−120) = 75 J. கலந்தவர் −165 J எழுதுவார். அப்படியானால் வாயு குளிர்ந்திருக்க வேண்டும். கொடுத்த வேலையை விட வெளியேறிய வெப்பம் குறைவாக இருக்கும்போது வாயு எப்படிக் குளிரும்? சைக்கிளுக்குக் காற்றடித்தவர் எவரும் பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்திருப்பார்.

☐ விடையின் குறியை ஒரு முழு வாக்கியமாகச் சொல்லிப் பார்த்தேனா? "வாயு வெப்பத்தை இழந்தது", "வாயு விரிந்து வேலை செய்தது." வாக்கியம் வினாவோடு முரண்பட்டால் கணக்கைத் திறக்க வேண்டும்.

☐ கன அளவு மாறவில்லையென்றால் W = 0. வெற்றிடத்துக்குள் தானே விரிந்தாலும் W = 0.

☐ p-V வரைபடத்தில் சுழற்சி வலஞ்சுழியாக இருந்தால் வாயு செய்யும் நிகர வேலை நேர்க்குறி.

☐ என்ட்ரோபி: ஒரு பொருளின் என்ட்ரோபி குறையலாம், மொத்தம் குறையாது. 10 kJ வெப்பம் 400 K-இலிருந்து 304 K-க்குப் போனால் −25 + 32.9 = +7.9 J/K. மொத்தம் எதிர்க்குறியில் வந்தால் வெப்பம் தானாகக் குளிரிலிருந்து சூட்டுக்கு ஓடியதாக எழுதியிருக்கிறீர்கள்.

அளவு: இந்த எண் நடக்கக்கூடியதா?

நினைவில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். நீரின் தன் வெப்ப ஏற்புத்திறன் 4.18 kJ/(kg K), 100 °C-இல் ஆவியாக்க 2257 kJ/kg, பனிக்கட்டி உருக 334 kJ/kg. காற்றின் cp 1.005 kJ/(kg K), நம் ஊர் வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 1.16 kg.

ஐந்தாம் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். வீவக வீட்டின் படுக்கையறை 4 × 3 × 2.6 m, அதாவது 31.2 m³. காற்று சுமார் 36 kg. 31 °C-இலிருந்து 25 °C-க்குக் குளிர்விக்க 36 × 1.005 × 6 ≈ 217 kJ. குளிர்விக்கும் திறன் 2.5 kW என்றால் ஒன்றரை நிமிடம். உங்கள் அறை அதைவிட மெதுவாகக் குளிர்வதற்குக் காரணம் சுவர், மெத்தை, ஈரப்பதம். கணக்கு காற்றை மட்டும் கேட்கிறது. ஒருவருக்கு 217 MJ வந்தால், அதே இயந்திரம் ஒரு நாள் முழுவதும் ஓட வேண்டும். இப்படி விடையை நேரமாக மாற்றிப் பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த சோதனை. கெண்டிக் கணக்கிலும் செய்யலாம்: 1.5 kg நீரை 28 °C-இலிருந்து கொதிக்கவைக்க 451 kJ, 2 kW கெண்டியில் நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. சமையலறையில் அப்படித்தானே ஆகிறது?

☐ பயனுறுதிறன் கார்னோ எல்லைக்குக் கீழே இருக்கிறதா? 813 K நீராவிக்கும் 304 K கடல்நீருக்கும் எல்லை 62.6%. எழுபது வந்தால் எங்கோ தவறு. செல்சியஸில் போட்டீர்களா என்று முதலில் பாருங்கள்: 1 − 31/540 என்பது 94% தரும்.

☐ குளிர்சாதனத்தின் செயல்திறன் குணகம் ஒன்றைத் தாண்டுவது பிழையல்ல. மூன்று, நான்கு இயல்பு. அதைப் பயனுறுதிறனோடு குழப்பி அடித்துவிடாதீர்கள்.

☐ நீராவியின் உலர்வுப் பின்னம் 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கிறதா? வெந்நீரையும் தண்ணீரையும் கலந்த பின் வெப்பநிலை இரண்டுக்கும் இடையில் இருக்கிறதா? கெல்வின் எதிர்க்குறியில் இல்லையே?

☐ 30 °C-இலிருந்து 60 °C ஆனதால் அழுத்தம் இரட்டிப்பானதா? 1.10 மடங்குதான் ஆகும்.

ஒரு பெட்டியில் குறியிட முடியவில்லையென்றால் அந்தக் கணக்கின் ஓரத்தில் எந்தச் சோதனை பொருந்தவில்லை என்பதைப் பென்சிலால் எழுதி அனுப்புங்கள். அடுத்த சனிக்கிழமை அங்கிருந்தே தொடங்குவோம்.